28 நாள் ரீசார்ஜா, வருட ரீசார்ஜா: உண்மையான மாதச் செலவைக் கண்டுபிடிக்கும் வழி

அம்மாவின் செல்பேசிக்கு ரீசார்ஜ் செய்வது எங்கள் வீட்டில் என் வேலை. 2025 ஜனவரி 1ஆம் தேதி 28 நாள் பேக் ஒன்று போட்டேன். அது ஜனவரி 28 இரவோடு முடிந்து, 29ஆம் தேதி அடுத்தது போட வேண்டி வந்தது. ஒரே மாதத்தில் இரண்டு ரீசார்ஜ். அதற்கடுத்தது பிப்ரவரி 26, அப்புறம் மார்ச் 26, ஏப்ரல் 23, மே 21 என்று தேதி பின்னால் நகர்ந்துகொண்டே போனது. டிசம்பர் 3ஆம் தேதி போட்டது பதின்மூன்றாவது ரீசார்ஜ். அதுவும் டிசம்பர் 30உடன் முடிந்து, 31ஆம் தேதி பதினான்காவதுக்குக் காசு எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

நான் மனதில் வைத்திருந்த கணக்கு 299 ரூபாய், வருடத்துக்குப் பன்னிரண்டு முறை. நடந்தது வேறு. இப்படிப்பட்ட "மாத" விலையை ஒரு வருட பிளானின் விலையோடு அப்படியே ஒப்பிட்டால் விடை தப்பாகத்தான் வரும். முதல் முறையாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களுக்காக இதை ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஜியோவின் பிரீபெய்ட் விலைகளை எடுத்துக்கொள்கிறேன், 2024 ஜூலை 3 முதல் அமலுக்கு வந்த பட்டியல் அது. ஒரே நிறுவனத்தில் ஒரே நாளில் அறிவித்த விலைகள் என்பதால் ஒப்பிட வசதி. நீங்கள் ரீசார்ஜ் செய்யும் அன்று செயலியில் தெரியும் விலையை இந்த எண்களின் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கணக்கு அதேதான்.

முதல் படி: விலைக்கு முன்னால் நாட்களைப் பாருங்கள்

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: விலை, வேலிடிட்டி நாட்கள், கிடைப்பது என்ன. இரண்டாவது பத்தியில் "ஒரு மாதம்", "மூன்று மாதம்", "ஒரு வருடம்" என்றெல்லாம் எழுத வேண்டாம், நாட்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். கடைக்காரர் மூணு மாசப் பேக் என்று சொல்வது பெரும்பாலும் 84 நாள்தான், அதாவது மூன்று 28. இரண்டு மாசப் பேக் 56 நாள்.

வருடம் என்று சொல்லப்படுவதிலும் இதே விஷயம் உண்டு. அந்தப் பட்டியலில் 1,899 ரூபாய்க்கு 24 ஜிபி டேட்டாவோடு ஒரு நீண்ட பிளான் இருந்தது. அதன் வேலிடிட்டி 336 நாள். பன்னிரண்டு முறை 28 போட்டால் 336 வருகிறது, ஆனால் வருடத்துக்கு இன்னும் 29 நாள் பாக்கி. 1,899ஐ 12ஆல் வகுத்தால் மாதம் 158 ரூபாய் என்று வரும். உண்மையில் அது 172 ரூபாய். மாதம் 14 ரூபாய் வித்தியாசம், நாட்களைப் பார்க்காமல் வகுத்ததால் மட்டும் வந்தது.

இரண்டாவது படி: எல்லாவற்றையும் ஒரு நாள் விலைக்குக் கொண்டுவாருங்கள்

விலையை நாட்களால் வகுத்தால் ஒரு நாள் செலவு கிடைக்கும். அதை 30.42ஆல் பெருக்கினால் மாதச் செலவு. 30.42 எங்கிருந்து வருகிறது? 365ஐ 12ஆல் வகுத்தால் வரும் எண், ஒரு சராசரி மாதத்தின் நாட்கள். முப்பது என்று வைத்துக்கொண்டாலும் பெரிய தவறு இல்லை, ஆனால் எல்லா பிளானுக்கும் அதையே வைக்க வேண்டும். ஒன்றுக்கு 30, இன்னொன்றுக்கு 12 மாதம் என்று மாற்றி மாற்றி வைத்தால் ஒப்பீடு கெட்டுவிடும்.

கணினியில் விரிதாள் பழக்கம் இருந்தால் A பத்தியில் விலையும் B பத்தியில் நாட்களும் போட்டு, C பத்தியில் இதை எழுதினால் போதும்:

```
=A2/B2*365/12
```

அம்மாவுக்கு வேண்டியது அளவில்லாத அழைப்பும், நாளுக்கு 1.5 ஜிபி டேட்டாவும். அந்த அளவில் 28 நாள் பிளான் 299 ரூபாய். நாளுக்கு 10.68 ரூபாய், மாதத்துக்கு 324.80. வருட பிளான் 3,599 ரூபாய், வேலிடிட்டி முழுதாக 365 நாள். நாளுக்கு 9.86, மாதத்துக்கு 299.90.

இதில் ஒரு வேடிக்கையான பொருத்தம் இருக்கிறது. 28 நாள் பிளானின் விலைச்சீட்டில் இருப்பது 299. வருட பிளானின் உண்மையான மாதச் செலவு கிட்டத்தட்ட 300. மேலோட்டமாகப் பார்ப்பவர், "மாசம் 299 கட்டினாலும் அதேதானே, எதுக்கு மொத்தமா குடுக்கணும்" என்று விட்டுவிடுவார். சீட்டில் தெரியும் 299 ஒரு மாதத்தின் விலை அல்ல, நான்கு வாரத்தின் விலை. மாதத்தின் விலை 325.

அதே அளவு டேட்டாவுக்கு 319 ரூபாயில் இன்னொரு பிளானும் பட்டியலில் இருந்தது. பார்க்க 299ஐ விட 20 ரூபாய் கூடுதல். ஆனால் அது காலண்டர் மாத பிளான்: 5ஆம் தேதி போட்டால் அடுத்த மாதம் 5ஆம் தேதிதான் மறுபடி போட வேண்டும், அந்த மாதத்துக்கு 28 நாளானாலும் 31 நாளானாலும். வருடத்துக்குச் சரியாகப் பன்னிரண்டு ரீசார்ஜ், மாதச் செலவு 319. அதாவது 20 ரூபாய் கூடுதலாகத் தெரியும் பிளான், மாதத்துக்கு ஏறக்குறைய 6 ரூபாய் மலிவு. இப்படி ஒரு பிளான் இருப்பதற்குக் காரணம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய். ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் வேலிடிட்டியில் ஒரு பிளானும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும்படி ஒரு பிளானும் வைத்தே ஆக வேண்டும் என்று 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. இந்த பிளான்கள் செயலியின் முதல் திரையில் கண்ணில் படாமல் போகலாம், பட்டியலைக் கீழே வரை தள்ளிப் பாருங்கள்.

மூன்றாவது படி: நடுவில் இருப்பதையும் கணக்கில் சேருங்கள்

மாதமா வருடமா என்று கேட்டவுடன் நாம் இரண்டை மட்டும் எடுத்து வைத்து ஒப்பிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். இடையில் இருந்த 84 நாள் பிளானைக் கணக்குப் போட்டபோதுதான் விடை மாறியது. நாளுக்கு 1.5 ஜிபி, 84 நாள், 799 ரூபாய். நாளுக்கு 9.51, மாதத்துக்கு 289.30. வருட பிளானை விட மாதம் பத்து ரூபாய் குறைவு, அதுவும் ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கட்டாமல்.

நீண்ட பிளான் என்றால் மலிவாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நம்புகிறோம். இங்கே அது பொய்த்ததற்குக் காரணம், 3,599 ரூபாய் வருட பிளானில் நாளுக்கு 2.5 ஜிபி இருக்கிறது. அம்மாவுக்குத் தேவைப்படாத ஒரு ஜிபிக்கும் சேர்த்து அதில் பணம் போகிறது.

84 நாள் பிளானில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. நான்கு ரீசார்ஜ் என்றால் ஒரு வருடம் என்று எண்ணி, 799ஐ நான்கால் பெருக்கி 3,196 என்று சொல்லிவிடுவார்கள். நான்கு முறை போட்டால் 336 நாள்தான் ஓடும். மிச்ச 29 நாளுக்கும் சேர்த்தால் வருடச் செலவு சுமார் 3,472. நாள் கணக்கில் போனால் இந்தத் தவறு வராது.

நான்காவது படி: ஒரே மாதிரியானதை ஒரே மாதிரியானதோடு வையுங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். வருட பிளானின் விளம்பரத்தில் "இவ்வளவு மிச்சம்" என்று ஒரு எண் இருந்தால், எதோடு ஒப்பிட்டு மிச்சம் என்று பாருங்கள். நாளுக்கு 2.5 ஜிபி தரும் 28 நாள் பிளான் 399 ரூபாய். அதன் மாதச் செலவு 433. வருட பிளானின் 300உடன் ஒப்பிட்டால் மாதம் 133, வருடத்துக்குச் சுமார் 1,600 ரூபாய் மிச்சம். கணக்கு சரிதான். ஆனால் அந்த மிச்சம் இதுவரை 399 ரூபாய் பிளான் போட்டுக்கொண்டிருந்தவருக்கு மட்டுமே. 299 போட்டுக்கொண்டிருந்தவருக்கு மிச்சம் மாதம் 25 ரூபாய். 799 போட்டவருக்கு நட்டம்.

ஆகவே நீங்கள் உண்மையில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். செயலியில் தினசரி டேட்டா பயன்பாடு தெரியும். பத்து நாள் இரவில் திறந்து குறித்துக்கொண்டால் போதும். வீட்டில் வைஃபை இருக்கும் அம்மாவுக்கு ஒரு நாளும் ஒரு ஜிபியைத் தாண்டவில்லை.

தம்பியின் கதை வேறு. அவனிடம் 5ஜி கைபேசி இருக்கிறது, வேலைக்குப் பேருந்தில் போய் வரும்போதெல்லாம் வீடியோதான். 2024 ஜூலை விலையேற்றத்தோடு ஜியோ இன்னொன்றையும் மாற்றியது: அளவில்லாத 5ஜி, நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பிளான்களுக்கு மட்டும் என்று ஆனது. ஆகவே 1.5 ஜிபி பிளான் அவனுக்கு ஒப்பீட்டிலேயே வராது. அவனுடைய பட்டியல் இப்படி: 28 நாளுக்கு 349, மாதச் செலவு 379. 84 நாளுக்கு 859, மாதச் செலவு 311. வருடத்துக்கு 3,599, மாதச் செலவு 300. அவனுக்கு வருட பிளான்தான் மலிவு. ஆனால் 84 நாள் பிளானோடு வித்தியாசம் மாதம் 11 ரூபாய்தான், வருடத்துக்கு 133. அந்த 133 ரூபாய்க்காக ஒரு வருடப் பணத்தை முன்னால் கட்டலாமா என்பதற்கு அடுத்த இரண்டு படிகளில் பதில் இருக்கிறது.

ஐந்தாவது படி: எந்த நாளில் முதல் திரும்புகிறது?

வருட விலையைக் குறுகிய பிளானின் விலையால் வகுத்துப் பாருங்கள். 3,599ஐ 299ஆல் வகுத்தால் 12.04. அதாவது பன்னிரண்டு ரீசார்ஜ் வரை, 336 நாள் வரை, 28 நாள் பிளான்காரர் கட்டியது 3,588 ரூபாய்தான். இன்னும் வருட பிளானுக்குக் கட்டிய தொகையை எட்டவில்லை. 337ஆம் நாள் அவர் பதின்மூன்றாவது முறை 299 கட்டும்போதுதான் வருட பிளான்காரர் முந்துகிறார். மிச்சம் எல்லாம் கடைசி நான்கு வாரத்தில் இருக்கிறது.

399 ரூபாய் பிளானோடு ஒப்பிட்டால் விடை 9.02. ஒன்பது ரீசார்ஜ் முடிந்து 253ஆம் நாளில், அதாவது ஒன்பதாவது மாதத்தில், முதல் திரும்பிவிடுகிறது. அதன் பிறகு மூன்றரை மாதத்துக்கு மேல் லாபம்.

இந்த நாளைத் தெரிந்துகொண்டால் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம்: அந்த நாள் வரை இந்த எண்ணை, இந்த நிறுவனத்தில், இந்த ஊரில் வைத்திருப்பேனா? பிரீபெய்டில் பாதியில் வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றிக்கொண்டால் மிச்சமுள்ள வேலிடிட்டி போனதுதான், பணம் திரும்பாது. எங்கள் தெருவில் வாடகைக்கு வந்த ஒரு கல்லூரி மாணவர் வருட ரீசார்ஜ் போட்டிருந்தார். நான்காவது மாதம் விடுதிக்கு மாறினார், அங்கே அந்த நிறுவனத்தின் சிக்னல் அறைக்குள் வரவில்லை. எண்ணை மாற்றிக்கொண்டார். அவர் நான்கு மாதத்துக்குக் கட்டிய உண்மையான மாதச் செலவு 900 ரூபாய்க்குக் கிட்டத்தட்ட. கட்டிய தொகையைப் பயன்படுத்திய மாதங்களால்தான் வகுக்க வேண்டும், பயன்படுத்தியிருக்கக்கூடிய மாதங்களால் அல்ல. புது ஊர், புது வேலை, புது சிம் என்று இருப்பவர்கள் முதலில் ஒரு குறுகிய பேக் போட்டு, வீட்டின் உள்ளறையிலும் வேலையிடத்திலும் சிக்னல் எப்படி என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

எதிர்ப்பக்கத்திலும் ஒன்று உண்டு. அந்த 2024 விலையேற்றத்தை ஜூன் 27ஆம் தேதி அறிவித்தார்கள், ஜூலை 3 முதல் அமல். அதற்கு முன்னால் வருட பிளான் 2,999 ரூபாய். அந்த இடைவெளியில் வருட ரீசார்ஜ் செய்தவர்களுக்குப் பழைய விலையே ஒரு வருடம் ஓடியது. விலையேற்றம் அறிவித்து அமலுக்கு வராத நாட்கள்தான் வருட பிளானுக்கு மிகச் சிறந்த நேரம். மற்ற நாட்களில், எப்போதாவது விலை ஏறும் என்ற பயத்தைக் கணக்கில் ஓர் எண்ணாகச் சேர்க்க நான் சொல்ல மாட்டேன்.

ஆறாவது படி: முன்னால் கட்டும் பணத்துக்கும் விலை உண்டு

299 பிளானுக்குப் பதிலாக 3,599 கட்டினால், இன்று கூடுதலாகக் கையை விட்டுப் போவது 3,300 ரூபாய். வருடம் முழுக்க அது நமக்கு மிச்சப்படுத்துவது சுமார் 300 ரூபாய். ஆனால் 3,300 ரூபாயும் வருடம் முழுவதும் முடங்கியிருப்பதில்லை. எப்படியும் 28 நாளுக்கு ஒரு முறை 299 கட்டியிருப்போம் என்பதால் முடங்கிய தொகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாகப் பார்த்தால் பாதி, 1,650 ரூபாய் ஒரு வருடம் முடங்கியதாக வைத்துக்கொள்ளலாம். 1,650 ரூபாய்க்கு 300 ரூபாய் என்றால் ஏறக்குறைய 18 சதவீதம்.

இந்த எண் இருந்தால் முடிவு எளிது. பணம் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கிறதா? வங்கி வைப்பில் வருடத்துக்கு 7 சதவீதம் கிடைத்தாலும் 115 ரூபாய்தான் வரும், வருட பிளானுக்குக் கொடுப்பதே மேல். கிரெடிட் கார்டில் போட்டுவிட்டு, மாதாமாதம் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டப்போகிறீர்களா? பல வங்கிகள் மாதத்துக்கு மூன்றரை சதவீதம் போல வட்டி போடுகின்றன, வருடத்துக்கு 42. அதே 1,650க்கு 690 ரூபாய் வட்டி. 300 மிச்சப்படுத்தப் போய் 390 இழப்போம். கார்டு பில்லை முழுதாகக் கட்டிவிடுபவருக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

தம்பியின் வருட பிளானுக்கு இதே கணக்கைப் போட்டோம். 859 பிளானுக்கு மேல் கூடுதலாகக் கட்டுவது 2,740, அதில் பாதி 1,370, மிச்சம் 133. கிட்டத்தட்ட 10 சதவீதம். கையில் பணம் இருந்தது, ஊர் மாறும் திட்டமும் இல்லை. வருடத்துக்குப் போட்டுவிட்டான்.

வீட்டு இணையத்துக்கு இதே கணக்கு, ஒரு கூடுதல் படியோடு

பிரீபெய்ட் ரீசார்ஜில் காட்டும் விலையில் வரி சேர்ந்தே இருக்கும். வீட்டு பிராட்பேண்டில் பெரும்பாலும் அப்படி இல்லை. 600 ரூபாய் என்று போட்டிருந்தால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 708. ஒரு பிளானை வரியோடும் இன்னொன்றை வரியில்லாமலும் வைத்து ஒப்பிட்டுவிடாதீர்கள்.

பிராட்பேண்டில் வருட பிளானின் சலுகை பெரும்பாலும் "ஒரு மாதம் இலவசம்" என்று வரும். அது இரண்டு விதம். பன்னிரண்டு மாதத்துக்குக் கட்டினால் பதின்மூன்று மாதம் ஓடும் என்றால், 600 ரூபாய் பிளானுக்கு வரியோடு 8,496 ரூபாய், 13ஆல் வகுத்தால் மாதம் 653.50. பதினொரு மாதத்துக்குக் கட்டினால் பன்னிரண்டு மாதம் ஓடும் என்றால் 7,788 ரூபாய், 12ஆல் வகுத்தால் 649. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் இரண்டாவதில் முன்னால் கட்டுவது 700 ரூபாய் குறைவு. இணைப்புக் கட்டணமும் ரௌட்டருக்கான முன்பணமும் மாதப் பிளானுக்கு மட்டும் கேட்டால், திரும்பி வராத தொகையை மட்டும் நீங்கள் அந்த வீட்டில் இருக்கப்போகும் மாதங்களால் வகுத்து மாதச் செலவோடு சேருங்கள். திரும்பத் தரும் முன்பணத்தைச் செலவில் சேர்க்க வேண்டாம், ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

அம்மாவின் எண்ணுக்கு இப்போது 84 நாள் பேக்தான் போடுகிறேன். அது எந்த மாதத்தின் எந்தத் தேதியிலும் நிற்காது என்பதால், போட்ட அன்றே 82 நாள் தள்ளி செல்பேசி காலண்டரில் நினைவூட்டல் ஒன்றை வைத்துவிடுகிறேன். அன்று செயலியைத் திறந்து, விலையும் நாட்களும் மாறியிருக்கிறதா என்று பார்த்து, மேலே இருக்கும் அந்த ஒரு வரிக் கணக்கைத் திரும்பப் போட்ட பிறகுதான் பணம் கட்டுகிறேன்.